கோத்தகிரியிலிருந்து முதல் விமானப் பயணம்: அவசர வழிக்கு எத்தனை வரிசை என்று எப்படி எண்ணுவது?

மலைக்காற்று (கோத்தகிரி)

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவும் அப்பாவும் அடுத்த மாதம் கோவையிலிருந்து டெல்லிக்கு அக்கா வீட்டுக்குப் போகிறார்கள். இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். சீட் 19D, 19E.

இதை இங்கே கேட்பதற்குக் காரணம் போன மாதம் எனக்கு நடந்தது. சென்னையிலிருந்து கோவைக்கு வந்தேன், 24-ஆம் வரிசை. விமானம் இறங்கி ஊர்ந்துகொண்டிருந்தபோது ஏதோ கருகும் வாடை வந்தது. யாரோ 'புகை, புகை' என்று கத்தினார்கள். அவ்வளவுதான், பாதிப் பேர் எழுந்து மேலே இருந்த பைகளை இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள். உட்காருங்கள் என்று பணிப்பெண்கள் கத்தியது யார் காதிலும் விழவில்லை. உணவு சூடாக்கும் அடுப்பில் ஏதோ காகிதம் கருகியதாக ஐந்து நிமிடம் கழித்துச் சொன்னார்கள்.

அந்த ஐந்து நிமிடமும் நான் முன்பக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த வழியாகத்தானே ஏறினேன். பின்கதவு எனக்கு ஏழெட்டு வரிசை பின்னால்தான் இருந்தது. ஒருமுறைகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா தேயிலை மண்டியில் இருபது வருடம் இலைக் கணக்கு எழுதியவர். எதையும் எண்ணிப் பார்க்காமல் விடமாட்டார். அதனால் அவருக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சீட்டுப் பையில் இருக்கும் அந்த அட்டையில் எதைப் பார்ப்பது? வரிசையை எப்படி எண்ணுவது? 'பிரேஸ்' என்று சொன்னால் எப்படி உட்காருவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்கணக்கன் (குன்னூர்)

தம்பி, இதற்கு வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடலாம். ஏர்பஸ் 320-இல் இறக்கை மேல் இருக்கும் அவசர வழி பொதுவாக 12, 13-ஆம் வரிசையில் இருக்கும். அம்மா சீட் 19. பத்தொன்பதில் பன்னிரண்டு போனால் ஏழு. ஏழு வரிசை முன்னால் போனால் வழி. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, அவசர வழியிலிருந்து ஐந்து வரிசைக்குள் இருப்பவர்கள்தான் தப்பிப்பார்கள் என்று ஓர் ஆய்வு சொல்கிறது. முடிந்தால் சீட்டை 17-க்கு மாற்றுங்கள். எப்படியும் எல்லோரையும் 90 வினாடிக்குள் இறக்கிவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

வெலிங்டன் அக்கா (வெலிங்டன்)

நான் 22 வருடம் கேபின் குழுவில் இருந்தேன். கடைசி சில வருடம் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். எண்கணக்கன் சார் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி ஆபத்தில் கொண்டுபோய் விடும், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எண்ண வேண்டியது சீட் நம்பரை இல்லை, சீட் முதுகை. நம்பர் இருட்டில் தெரியாது, புகையில் தெரியாது. அப்போது உங்களுக்குக் கிடைப்பது கை மட்டும்தான். ஒவ்வொரு சீட்டின் மேல்விளிம்பும் கையில் தட்டும், அதை எண்ணிக்கொண்டே போக வேண்டும். ஆகவே ஏறி உட்கார்ந்ததும், எந்தக் கையால் தொட்டுக்கொண்டு போவோமோ அந்தப் பக்கத்து முதுகுகளைக் கண்ணால் எண்ணிக்கொள்ளுங்கள்.

அம்மா சீட்டையே எடுத்துக்கொள்வோம். 19-இலிருந்து முன்பக்கம் போகிறார். முதலில் தட்டுவது 18-இன் முதுகு. அடுத்து 17, 16, 15, 14, 13. ஆறு முதுகு. ஆறாவதைத் தாண்டியதும் 13-ஆம் வரிசையில் கால் வைக்கும் இடம், முதல் வழி அதன் ஓரத்தில்தான். ஏழு என்று மனதில் வைத்தால் அந்த வழியைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுவார். இங்கே அடுத்ததும் வழிதான் என்பதால் தப்பினார். ஒரே வழி இருக்கும் விமானத்தில் அப்படித் தப்ப முடியாது.

இனி பின்பக்கம். கடைசி வரிசை 31 என்று வைத்துக்கொள்வோம். அவர் சொந்த முதுகையும் சேர்த்து எண்ண வேண்டும், 19 முதல் 31 வரை பதின்மூன்று. அதைத் தாண்டினால் கழிப்பறைச் சுவர், அப்புறம் கதவு. ஆக அம்மா மனதில் இருக்க வேண்டியவை இரண்டு எண்கள்: முன்னால் ஆறு, பின்னால் பதின்மூன்று.

இரண்டும் ஏன் என்றால், முன்னால் இருக்கும் வழியின் வெளியே தீ இருக்கலாம். பக்கத்தில் இருப்பது பயன்படாமல் போகலாம் என்று முதலிலேயே நினைத்து வைத்திருப்பவர்தான் அங்கே நின்று திகைக்காமல் திரும்புவார்.

வீட்டுக் கணக்கு போதாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடைசி நேரத்தில் விமானம் மாறும், சீட் மாறும். 13 என்ற எண்ணையே போடாத நிறுவனங்கள் இருக்கின்றன. ஏறிய பிறகு எண்ணுவதுதான் கணக்கு.

சேரங்கோடு (பந்தலூர் பக்கம்)

எங்களுக்குக் கோவையைவிடக் கோழிக்கோடு பக்கம். வளைகுடாவுக்குப் போய்வருவதெல்லாம் அங்கிருந்துதான். 2020 ஆகஸ்ட் 7-ஆம் தேதி இரவு மழையில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்த விமானத்தை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. 190 பேர் இருந்தார்கள், 21 பேர் போய்விட்டார்கள். விமானம் துண்டாகிவிட்டது. கொரோனா காலம் என்றுகூடப் பார்க்காமல் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள்தான் ஓடிப்போய்த் தூக்கினார்கள்.

அன்றிலிருந்து நான் எண்ணாமல் உட்காருவதில்லை. ஆனால் ஒரு சந்தேகம் போகவில்லை. விமானமே உடைந்துவிட்டால் இந்த எண்ணிக்கை எதற்கு?

வெலிங்டன் அக்கா (வெலிங்டன்)

நல்ல கேள்வி, சேரங்கோடு தம்பி. உடைந்தால் எண்ணிக்கை அப்படியே பயன்படாது என்பது உண்மை. 2010-இல் மங்களூரில் 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். அவர்களில் பலர் வெளியே வந்தது கதவு வழியாக அல்ல, விமானத்தின் உடம்பு பிளந்த இடம் வழியாக. வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அது வழிதான். கோழிக்கோட்டில் தீப்பிடிக்காததால் வெளியே எடுப்பதற்கு நேரம் கிடைத்தது.

எண்ணிக்கை உயிரைக் காப்பது வேறு மாதிரி விபத்தில். விமானம் முழுசாக நிற்கும், ஆட்கள் முழுசாக இருப்பார்கள், புகை வரும். இந்த மாதிரிதான் தப்பித்திருக்கக்கூடியவர்கள் சாகிறார்கள்.

1985-இல் மான்செஸ்டரில் நடந்ததை ஒவ்வொரு புது பேட்ச்சுக்கும் சொல்வேன். போயிங் 737, 137 பேர். ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது இடது எஞ்சின் வெடித்து, ஒரு துண்டு இறக்கையின் எரிபொருள் தொட்டியைக் கிழித்தது. டயர் வெடித்ததாக நினைத்துப் பைலட் பிரேக் போட்டு ஓரமாகத் திருப்பி நிறுத்தினார். விமானம் மேலே கிளம்பவே இல்லை, எல்லோரும் காயமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் காற்று தீயை விமானத்தின் உடம்பு மீது தள்ளியது. 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால்.

அதில் ஒரு காட்சி என் மனதை விட்டுப் போகவே இல்லை. வலப்பக்க இறக்கை வழியை ஒட்டி ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தார். திறக்கச் சொன்னதும் அவர் பிடித்து இழுத்தது கை வைக்கும் கட்டையை, அதுதான் கைப்பிடி என்று நினைத்து. உண்மையான கைப்பிடி மேலே இருந்தது. பக்கத்தில் இருந்த தோழி எக்கி அதை இழுத்தார். உடனே இருபது கிலோவுக்கு மேல் கனமுள்ள அந்தக் கதவு உள்ளே சாய்ந்து அந்தப் பெண் மீதே விழுந்தது. பின்சீட்டு மனிதர் அதைத் தூக்கிப் போட்டு வழி திறப்பதற்குள் விமானம் நின்று முக்கால் நிமிடம் ஆகியிருந்தது.

அவர் மேல் ஒரு தவறும் இல்லை. எந்தக் கைப்பிடி, கதவு எந்தப் பக்கம் வரும், எவ்வளவு கனம் என்று யாரும் அவருக்குக் காட்டவில்லை. இந்த மூன்றும்தான் அந்த அட்டையில் படமாக இருக்கின்றன. மலைக்காற்று, அட்டையில் எதைப் பார்ப்பது என்று கேட்டீர்களே, அம்மா பார்க்க வேண்டியது இந்தக் கதவுப் படத்தைத்தான். ஏர்பஸ் 320 என்றால் கதவைக் கழற்றி வெளியே எறியச் சொல்லும். புதிய 737 என்றால் கைப்பிடியை இழுத்ததும் அதுவே மேல்நோக்கித் திறந்துகொள்ளும். இரண்டும் இறக்கை மேல்தான் இருக்கின்றன, ஆனால் செய்யும் வேலை வேறு. முன்பு வேறு விமானத்தில் படித்த அட்டையை நம்பி இதில் உட்காரக் கூடாது.

லவ்டேல் ரயில் (ஊட்டி)

நான் மாதம் இருமுறை விமானத்தில் போகிறேன். கோவையில் தரையிறங்கும்போது மலைப்பக்கக் காற்றில் நன்றாகக் குலுங்கும். அந்த மாதிரிப் பள்ளத்தில் விழுவதுபோல வரும்போது பிரேஸ் செய்து குனிந்துகொண்டால் முதுகு வலி வராது என்று கேள்விப்பட்டேன். சரியா? எந்தப் பக்கம் குனிய வேண்டும்?

வெலிங்டன் அக்கா (வெலிங்டன்)

சார், குலுக்கலுக்கு பிரேஸ் வேண்டாம். அதற்குப் பெல்ட்டை இறுக்கி உட்கார்ந்தால் போதும். பிரேஸ் என்பது விமானம் மோதப் போகிறது என்று பைலட்டோ பணிப்பெண்ணோ சொல்லும்போது மட்டும்.

அது எதற்கு என்று தெரிந்தால் எப்படி என்பது தானாக வரும். மோதும்போது உடம்பு முன்னால் பாயும். தலை தூரத்திலிருந்து போய் மோதினால் அடி பலம். முன்சீட்டின் முதுகில் முதலிலேயே சாய்ந்திருந்தால் பாய்வதற்குத் தூரமே இல்லை.

ஆகவே பெல்ட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்புக்குக் கீழே தாழ்வாக, இறுக்கமாகக் கட்டுங்கள். குனிந்து நெற்றியை முன்சீட்டில் பதியுங்கள். எட்டாவிட்டால் முழங்கால் பக்கம் முடிந்தவரை மடியுங்கள். கைகளைத் தலைக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள், விரல்களைக் கோக்காதீர்கள். எந்தக் கையால் வேலை செய்வீர்களோ அது கீழே, மற்றது மேலே. மேலிருந்து ஏதாவது விழுந்தால் முதலில் அடிபடுவது மேல்கை. பெல்ட்டைக் கழற்றக் கீழ்க்கை மிஞ்ச வேண்டும்.

அப்புறம் கால். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 1989 ஜனவரியில் இங்கிலாந்தில் கெக்வொர்த் என்ற ஊர்ப் பக்கம் ஒரு 737 நெடுஞ்சாலைக் கரையில் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. அதை ஆராய்ந்த பிறகுதான் பாதத்தை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் தள்ளித் தரையில் தட்டையாக ஊன்றச் சொன்னார்கள். காலை முன்னால் நீட்டியிருந்தால் முன்சீட்டுக் கம்பியில் போய் அடிக்கும். கால் உடைந்தால் நாம் எண்ணி வைத்த ஆறு வரிசையை எப்படி நடப்பது?

தேயிலைத்தோட்டம் (கொலக்கம்பை)

அக்கா, இந்த பிரேஸ் நிலை பிழைப்பதற்கு அல்ல, கழுத்து உடனே முறிந்து வேதனையில்லாமல் சாகத்தான், பல் உடையாமல் இருந்தால் பிணத்தை அடையாளம் காண வசதி என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

வெலிங்டன் அக்கா (வெலிங்டன்)

இந்தக் கதையை நானும் எத்தனையோ பேர் வாயில் கேட்டிருக்கிறேன். தம்பி, சாகடிப்பதற்கான நிலை என்றால் பாதத்தைப் பின்னால் வை, நல்ல கையைக் கீழே வை என்று எதற்கு இவ்வளவு நுணுக்கமாகத் திருத்துவார்கள்? அந்தத் திருத்தங்கள் எல்லாம் பிழைத்தவர்களின் எலும்பு முறிவுகளைப் பார்த்துச் செய்தவை. எழுந்து நடந்து வெளியே வர வேண்டும் என்பதுதான் நோக்கம். பெல்ட்டும் அதற்குத்தான்.

பெல்ட் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அவசரத்தில் ஆட்கள் இடுப்பு ஓரத்தில் பட்டனைத் தேடி அழுத்துவார்கள், காரில் பழகிய கை அது. விமானப் பெல்ட் பட்டன் இல்லாதது, நடுவில் இருக்கும் மூடியைத் தூக்கினால்தான் கழலும். மலைக்காற்று, அம்மா உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை கட்டிக் கழற்றச் சொல்லுங்கள். வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யட்டும்.

பூம்பாறை (கொடைக்கானல்)

நாங்கள் மதுரையிலிருந்துதான் போவோம். சென்னைக்குச் சில நேரம் ப்ரொப்பல்லர் வைத்த சின்ன ஏடிஆர் வருகிறது. அதில் பின்னால் படியேறி உள்ளே போகிறோம். இறக்கை தலைக்கு மேலே இருக்கிறது. அப்படியானால் இறக்கை மேல் வழி எங்கே? எனக்கு இதுவரை தோன்றவே இல்லை, இந்த இழையைப் பார்த்துத்தான் யோசித்தேன்.

வெலிங்டன் அக்கா (வெலிங்டன்)

ஏடிஆர் 72-இல் இறக்கை மேல் வழியே கிடையாது. நீங்கள் ஏறிய பின்பக்க இடக்கதவு, அதற்கு எதிரே வலப்பக்கம் ஒரு சிறு கதவு. முன்கோடியில் இடமும் வலமுமாக ஜன்னல் மாதிரி இரண்டு அவசர வழிகள். நடுவில் எதுவும் இல்லை. நடுவில் உட்காருபவருக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே தூரம், அதனால் அங்கே எண்ணாமல் இருப்பது இன்னும் மோசம். தரை தாழ்வாக இருப்பதால், கதவிலிருந்து சறுக்கி இறங்க விரியும் சறுக்கும் இருக்காது, குதித்துத்தான் இறங்க வேண்டும். இறங்கியதும் ப்ரொப்பல்லர் பக்கம் போகவே கூடாது.

பெரிய விமானத்தில் எல்லோரும் முன்னால் ஏறி முன்கதவையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஏடிஆரில் அதுவே தலைகீழ், முன்னால் ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. எந்த விமானமானாலும் ஏறிய கதவின் பக்கமே கால் இழுக்கும். எண்ணுவது அந்த இழுப்பை உடைக்கத்தான்.

எண்கணக்கன் (குன்னூர்)

அக்கா, முதுகு எண்ணும் கணக்கில் நான் தவறு செய்தது புரிந்தது, நன்றி. ஆனால் 90 வினாடி விஷயத்தில் நான் சொன்னது சரிதானே? அது சட்டத்தில் இருக்கிறது.

வெலிங்டன் அக்கா (வெலிங்டன்)

சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அது விமானம் தயாரிப்பவர் காட்டவேண்டிய சோதனை. பாதி வழிகளை மூடிவிட்டு, அவசர விளக்கு மட்டும் எரிய, நடைவழியில் பைகளைப் போட்டு, முழு ஆட்களை 90 வினாடியில் இறக்கிக் காட்ட வேண்டும். அங்கே யாருக்கும் பயமில்லை, புகையில்லை. உங்கள் விமானம் 90 வினாடியில் காலியாகிவிடும் என்ற உறுதிமொழி அல்ல அது.

2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோ ஹனேடாவில் 379 பேர் இருந்த பெரிய ஏர்பஸ் 350 தரையிறங்கும்போது கடலோரக் காவல் விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. அந்தச் சிறு விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் எல்லோரும் வெளியே வந்தார்கள். அதற்குப் பிடித்தது 18 நிமிடம். எட்டு வழிகளில் மூன்று மட்டும்தான் பயன்பட்டன. அறிவிப்புக் கருவி வேலை செய்யாததால் பணியாளர்கள் மெகாஃபோனிலும் குரலிலும் கத்தினார்கள். கதவுகளைத் திறக்காமல் முதலில் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள், தீ இருக்கும் பக்கத்தைத் திறக்கவே இல்லை. உள்ளே புகை ஏற ஏற, கதவைத் திறவுங்கள் என்று ஆட்கள் கத்தினார்கள். ஆனாலும் கிட்டத்தட்ட யாரும் பையைத் தூக்கவில்லை.

ஐந்து வரிசைக் கணக்கும் அப்படித்தான். பிழைத்தவர்கள் எவ்வளவு தூரம் நகர்ந்து வந்தார்கள் என்று பார்த்துச் சொன்ன சராசரி அது. ஆறாம் வரிசையில் இருப்பவர் சாவார் என்று அர்த்தமில்லை. சீட்டை மாற்றப் பணம் கட்ட வேண்டாம், எண்ணினால் போதும்.

தேயிலைத்தோட்டம் (கொலக்கம்பை)

பையைப் பற்றி ஒன்று. என் கைப்பையில் பாஸ்போர்ட், நகை, பட்டா நகல் எல்லாம் இருக்கும். சின்னப் பைதான். அதையும் விட வேண்டுமா? மனசு கேட்காதே.

வெலிங்டன் அக்கா (வெலிங்டன்)

விட வேண்டும். பை எவ்வளவு சின்னது என்பது கேள்வியே இல்லை. நீங்கள் குனிந்து எடுக்கும் இரண்டு வினாடி உங்கள் பின்னால் நிற்கும் அத்தனை பேருக்கும் இரண்டு வினாடி. அடுத்தவரும் எடுப்பார். சறுக்கில் இரண்டு கையும் மார்பில் குறுக்கே இருக்க வேண்டும். பையோடு குதித்தால் கீழே இருப்பவர் மேல் விழும், பையின் கொக்கியோ குதிகால் செருப்போ சறுக்கைக் கிழித்துவிட்டால் அந்த வழியே போச்சு.

மனசு கேட்காது என்றால் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் பாஸ்போர்ட்டையும் மருந்துச் சீட்டையும் சட்டைப் பையிலோ ஸ்வெட்டர் பையிலோ வைத்திருங்கள். மலையிலிருந்து போகும் நம்மிடம் கம்பளி ஸ்வெட்டர் எப்படியும் இருக்கும், கோவை வந்ததும் கழற்றிப் பையில் திணிக்காதீர்கள். கம்பளி சீக்கிரம் பற்றாது. நைலான் உருகித் தோலில் ஒட்டும். செருப்பு, ஷூவையும் கிளம்பும்போதும் இறங்கும்போதும் கழற்றாதீர்கள்.

சேரங்கோடு (பந்தலூர் பக்கம்)

கல்லட்டி ரோட்டில் 36 வளைவு இருக்கிறதல்லவா, ஒவ்வொன்றிலும் நம்பர் பலகை வைத்திருக்கிறார்கள். நான் முன்பு லோடு வண்டி ஓட்டியவன். மூடுபனி இறங்கினால் பலகையைப் பார்க்க முடியாது. எத்தனாவது வளைவு என்று வாயில் எண்ணிக்கொண்டேதான் வருவேன், இல்லாவிட்டால் அடுத்தது எவ்வளவு ஒடுக்கம் என்று தெரியாது. அக்கா சொன்னது எனக்கு அப்படியே பிடிபட்டது. புகை என்பது விமானத்துக்குள் இறங்கும் மூடுபனி.

வெலிங்டன் அக்கா (வெலிங்டன்)

ரொம்பச் சரி தம்பி. ஒரே ஒரு வித்தியாசம், மூடுபனியை மூச்சில் இழுக்கலாம், இந்தப் புகையை இழுக்க முடியாது. அதனால் குனிந்து போக வேண்டும், தரைப்பக்கம் கொஞ்சம் நல்ல காற்று இருக்கும். துணியை நனைத்து மூக்கில் வைக்கலாம். ஆனால் கூட்டத்தில் தவழாதீர்கள், மிதித்துவிடுவார்கள்.

1983-இல் சின்சினாட்டியில் தரையிறங்கிய ஒரு டிசி-9-இல் கேபின் முழுக்கப் புகை. 46 பேரில் 23 பேர் வெளியே வரவில்லை. அவர்களில் இரண்டு பேர் இறக்கை மேல் வழியைத் தாண்டிப் பின்னால் போய்க் கிடந்தார்கள். வழி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் தரையோரம் ஒளிரும் கோடு எல்லா விமானங்களிலும் வந்தது.

மலைக்காற்று (கோத்தகிரி)

அக்கா, ரொம்ப நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. போன மாதம் எனக்கு நடந்த மாதிரி புகை வாடை வந்தால், பணிப்பெண் சொல்லும்வரை உட்கார்ந்தே இருப்பதா? இன்னொன்று, அப்பாவுக்கு முழங்கால் வலி, வேகமாக நடக்க முடியாது. அவருக்குத் தனியாக வேறு சீட் கிடைத்துவிட்டால் என்ன செய்வது?

வெலிங்டன் அக்கா (வெலிங்டன்)

முதல் கேள்விக்கு என் பதில்: உட்கார்ந்தே இருக்க வேண்டும், ஆனால் சும்மா இல்லை. பெல்ட் எங்கே, எண்ணிய எண் என்ன, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கிளம்பும்போதும் இறங்கும்போதும் ஜன்னல் மறைப்பைத் திறந்து வைக்கச் சொல்வது இதற்குத்தான். பயணிகளே கதவைத் திறந்தால், எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். இறங்குபவர்களை அது உள்ளே இழுக்கும், அல்லது தூக்கி எறியும். தீ கண்ணுக்குத் தெரிகிறது, புகை மூச்சை அடைக்கிறது, பணியாளர் யாரும் குரல் கொடுக்கவில்லை, அந்த நிலையில் மட்டும் நீங்களே எழலாம். அப்போதும் முதலில் கதவின் ஜன்னல் வழியாக வெளியே பார்க்க வேண்டும்.

இரண்டாவதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஏறும்போதே பணிப்பெண்ணிடம் அப்பாவின் முழங்காலைப் பற்றிச் சொல்லுங்கள், எப்போது எந்த வழியாக என்று அவரிடமே தனியாகச் சொல்வார்கள். பக்கத்தில் உட்காரக் கேளுங்கள், பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார்கள்.

லவ்டேல் ரயில் (ஊட்டி)

இதில் எனக்கு ஒப்புதல் இல்லை. தனித்தனியாக இருந்தால் அவரவர் பக்கத்து வழியில் போங்கள் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். வரும் கூட்டத்துக்கு எதிராக நடந்து அப்பாவைத் தேடினால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வார்கள்.

சேரங்கோடு (பந்தலூர் பக்கம்)

சொல்வது சுலபம் சார். என் மகள் ஆறு வயசு, நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தால் எந்தத் தகப்பன் எதிர்ப்பக்கம் போவான்?

வெலிங்டன் அக்கா (வெலிங்டன்)

நீங்கள் இருவரும் சொல்வது எனக்குப் புரிகிறது. பயிற்சியில் நாங்கள் சொல்லிக்கொடுத்தது லவ்டேல் சார் பக்கம். நேரில் நடப்பது சேரங்கோடு தம்பி பக்கம். எத்தனையோ விபத்தில் குடும்பத்தைத் தேடித் திரும்பியவர்கள் இருந்திருக்கிறார்கள். இரண்டு பெரியவர்கள் என்றால் பேசி வைக்கலாம். குழந்தை என்றால் பக்கத்து சீட் கிடைக்காமல் ஏறவே கூடாது என்பது என் சொந்த எண்ணம், விதி அல்ல.

மலைக்காற்று (கோத்தகிரி)

அம்மா நேற்று நல்லபடியாக டெல்லிக்குப் போய் இறங்கிவிட்டார். கோவையில் கவுண்டரிலேயே சீட்டை 17-க்கு மாற்றிவிட்டார்கள், எண்கணக்கன் சார் ஆசைப்பட்டபடியே. இறங்கியதும் போன் செய்தார். முதல் வார்த்தையே, 'முன்னால நாலு, பின்னால பதினஞ்சுடா' என்பதுதான். வீட்டில் எழுதிக் கொடுத்த காகிதத்தில் ஆறும் பதின்மூன்றும் என்றிருந்ததாம், அதைக் கிழித்துவிட்டு அங்கேயே எண்ணினாராம். பெல்ட்டையும் மூன்று முறை கழற்றிப் பார்த்திருக்கிறார். முதல் முறை ஓரத்தில்தான் தேடினாராம்.

அப்பாவுக்கு 21. நான்கு வரிசை பின்னால். மாற்றித் தரக் கேட்டும் கிடைக்கவில்லை. ஏதாவது ஆனால் அப்பாவிடம் போவீர்களா, முன்னால் போவீர்களா என்று கேட்டேன். 'அவர் பின்னால பதினொண்ணு எண்ணி வச்சிருக்கார், நான் சொல்லிக்கொடுத்துட்டேன்' என்றார். என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

திரும்பி வருவது 28-ஆம் தேதி. டிக்கெட்டில் இருவருக்கும் இப்போதே பக்கத்துப் பக்கத்து சீட் போட்டுவிட்டேன்.